குழுவின் சார்பில் பேசும்போது நான், நாங்கள், நாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தன்னார்வக் குழுக்களின் சார்பில் தமிழில் படைப்பு வழங்குபவர்களுக்கு நான் பல ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். சமூக மன்ற அறையில் நிதி கேட்டுப் பேசுபவர்களும், குடியிருப்பாளர்களிடம் ஓர் ஏற்பாட்டை விளக்குபவர்களும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் குழுத்திட்டத்தை முன்வைக்கும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

“நாங்கள் என்றால் என்ன, நாம் என்றால் என்ன? கேட்பவருக்குப் புரிந்துவிடும்தானே?”

புரிந்துவிடும். கவனமாக இருக்க வேண்டியதும் அதனால்தான். ‘நாங்கள்’ என்று சொன்னால் எதிரே அமர்ந்திருப்பவர் அதில் சேரமாட்டார். ‘நாம்’ என்று சொன்னால் அவரும் சேர்ந்துவிடுவார். முன்னிலையில் இருப்பவரையும் தன்னோடு உட்படுத்திக் கூறும் பன்மையை நம் இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள். தமிழ் பேசி வளர்ந்தவர் யாரும் இந்தப் பெயரை நினைத்துக்கொண்டு பேசுவதில்லை. ஆனால் வேறுபாடு காதில் விழுந்தவுடன், தம்மை உள்ளே அழைத்தார்களா வெளியே நிறுத்தினார்களா என்பதை அவர் உணர்ந்துவிடுவார்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், அங்கே குடியிருப்பவர்கள் முன்னிலையில், ஒரு துப்புரவு ஏற்பாட்டைப் பற்றி எங்கள் குழுவின் சார்பில் பேசினேன். “எங்கள் வட்டாரத்தைத் தூய்மையாக வைத்திருக்க நாங்கள் திட்டமிட்டிருக்கிறோம்” என்று தொடங்கினேன். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி என்னை அருகே அழைத்து, “தம்பி, இது உங்க வட்டாரம்னா, முப்பது வருஷமா இங்க இருக்கிற நாங்க எல்லாம் யாருப்பா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை; வருத்தம் இருந்தது. வட்டாரம் அவருக்கும் எனக்கும் பொதுவானது, ஆகவே அது ‘நம் வட்டாரம்’. திட்டம் எங்கள் குழுவுடையது, ஆகவே அது ‘எங்கள் திட்டம்’. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வர வேண்டியிருந்த இடத்தில் நான் ஒன்றை மட்டும் பயன்படுத்தினேன்.

“நான் என்று சொன்னால் தற்பெருமையாகத் தெரியாதா? எல்லாவற்றுக்கும் நாங்கள் என்று சொல்லிவிட்டால் பாதுகாப்புதானே?”

தற்பெருமையாக ஒலிப்பது ‘நான்’ என்ற சொல்லால் அன்று, அதன் பின்னால் வரும் வினையால். “நான்தான் இதை வெற்றிகரமாக நடத்திக் காட்டினேன்” என்றால் பெருமை. “ஒன்பது குடும்பங்களிடமும் நான் தொலைபேசியில் பேசினேன்” என்றால் அது தகவல். இரண்டாவது வாக்கியத்தில் ‘நாங்கள்’ என்று போட்டால் பணிவு கூடுவதில்லை, தெளிவுதான் குறைகிறது. குழுவில் ஆறு பேர் இருந்தால், ஆறு பேரும் சேர்ந்து ஒன்பது வீடுகளுக்கு எப்படிப் பேசினார்கள் என்று கேட்பவர் குழம்புவார். அந்தக் குடும்பங்கள் என்ன சொல்லின என்று அவர் மேலும் கேட்க விரும்பினால், யாரைப் பார்த்துக் கேட்பது என்பதும் அவருக்குத் தெரியாது.

என் வகுப்பில் நான் சொல்லும் பிரிவினை இது: கண்டது, கேட்டது, தனியாகச் செய்தது, தனிப்பட்டு நினைப்பது ஆகியவற்றுக்கு ‘நான்’, கூடி முடிவெடுத்தது, பொறுப்பேற்பது, வாக்குறுதி கொடுப்பது ஆகியவற்றுக்கு ‘நாங்கள்’, அறையில் இருக்கும் எல்லோருக்கும் உண்மையிலேயே பொதுவானவற்றுக்கு மட்டும் ‘நாம்’.

“நான் பெரும்பாலும் எழுவாயே சேர்ப்பதில்லை. செய்தோம், முடிவெடுத்தோம் என்று வினையோடு நிறுத்திவிடுவேன். அதில் என்ன சிக்கல்?”

தமிழில் குழுவின் சார்பில் பேசுபவர்கள் வழுக்கும் இடங்களில் இதுவே முதன்மையானது என்று நான் கருதுகிறேன். ‘நாம் செய்தோம்’, ‘நாங்கள் செய்தோம்’ ஆகிய இரண்டுக்கும் இன்றைய தமிழில் வினைமுற்று ஒன்றுதான். எழுவாயை நீக்கியவுடன், தமிழ் நமக்குக் கொடுத்த வேறுபாடு மறைந்து, கேட்பவர் ஊகிக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. அதைவிட நுட்பமான இன்னொரு விளைவும் உண்டு. ‘-ஓம்’ என்று முடியும் வினைகள் அடுக்கடுக்காக வரும்போது, ஒவ்வொன்றையும் செய்தவர் யார் என்பதைப் பேசுபவரே நினைத்துப் பார்ப்பதில்லை. “தொடங்கினோம், ஆராய்ந்தோம், மாற்றினோம், நம்புகிறோம்” என்ற நான்கில், தொடங்கியவர் வேறு, ஆராய்ந்தவர் வேறு, மாற்ற முடிவெடுத்தவர்கள் வேறு, நம்புபவர் யார் என்பதோ யாருக்கும் தெரியாது.

எழுவாயை ஒவ்வொரு வாக்கியத்திலும் சேர்த்தால் பேச்சு கனத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆள் மாறும் இடத்தில் மட்டும் சேர்த்தால் போதும். “நாங்கள் ஆறு பேரும் கூடிப் பேசினோம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்து வரும் இரண்டு மூன்று வினைகள் அதன் நிழலிலேயே நிற்கும். ‘நான்’ வரும்போது அந்த நிழல் முடிகிறது. மறுபடி குழுவுக்குத் திரும்பும்போது ‘நாங்கள்’ மீண்டும் வர வேண்டும்.

“இப்போது செலவுக் கணக்கைப் பார்ப்போம்” என்பதைப் போன்ற வாக்கியங்களுக்கு இந்தக் கவலை தேவையில்லை. கேட்பவரையும் அழைத்துச் செல்லும் வழக்கு அது. எழுவாய் இல்லாமலே ‘நாம்’ என்றுதான் காதில் விழும்.

“ஓர் உரையை எடுத்துத் திருத்திக் காட்ட முடியுமா?”

சென்ற ஆண்டு என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரின் உரையை அவருடைய இசைவோடு எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமைதோறும் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைகளை வாசித்துக் காட்டும் ஆறு பேர் கொண்ட குழு அது. இவர் அதில் சேர்ந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. புத்தகங்கள் வாங்க நிதி கேட்டு, மூன்று தேர்வாளர்கள் முன்னிலையில் 10 நிமிடம் பேச வேண்டும். அவர் எழுதிக்கொண்டு வந்த தொடக்கப் பகுதி இப்படி இருந்தது:

“நம் குழு மூன்று ஆண்டுகளாக இயங்கி வருகிறது. சனிக்கிழமைதோறும் வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். சென்ற ஆண்டு பிள்ளைகளின் வருகை குறைந்தது. காரணத்தை ஆராய்ந்தோம். வகுப்பு நேரத்தை மாற்றுவதென முடிவெடுக்கப்பட்டது. நம் பிள்ளைகள் தமிழில் பேச வேண்டும் என்று நம்புகிறோம். அதற்கு நமக்கு நிதி தேவைப்படுகிறது.”

பிழையான தமிழ் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் “நம் குழு” என்ற முதற்சொல்லிலேயே, குழுவில் இல்லாத தேர்வாளர்கள் குழுவுக்குள் இழுக்கப்பட்டுவிட்டார்கள். “காரணத்தை ஆராய்ந்தோம்” என்பதை நான் விசாரித்தபோது, வராமல் போன குடும்பங்களை அழைத்துப் பேசியவர் இவர் ஒருவரே என்று தெரிந்தது. “முடிவெடுக்கப்பட்டது” என்ற செயப்பாட்டு வினையில் முடிவெடுத்தவர்கள் காணாமல் போனார்கள். கடைசி வாக்கியம்தான் எனக்கு மிகவும் உறுத்தியது. நிதி கொடுக்க வேண்டியவரைப் பார்த்து “நமக்கு நிதி தேவை” என்று சொல்வது, அவர் சம்மதிப்பதற்கு முன்பே அவர் கையைப் பிடித்து இழுப்பது போன்றது.

நான் அவரிடம் செய்யச் சொன்னது எளிய வேலை. உரையை அச்சிட்டு, ‘-ஓம்’ என்று முடியும் ஒவ்வொரு வினையையும், ‘நம்’, ‘நமக்கு’, ‘எங்கள்’ போன்ற ஒவ்வொரு சொல்லையும் வட்டமிட்டு, ஓரத்தில் யார் யார் என்று பெயர்களை எழுதச் சொன்னேன். பென்சிலால் அவர் எழுதிய பெயர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறின. ‘நம்புகிறோம்’ என்ற சொல்லுக்கு அருகே அவர் நெடுநேரம் எதுவும் எழுதாமல் இருந்துவிட்டு, “இது நான் மட்டும்தான் சார், மத்தவங்ககிட்ட கேட்டதே இல்லை” என்றார். அரை மணி நேரத்தில் உரை இப்படி மாறியது:

“எங்கள் குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நால்வர் தொடங்கிய வகுப்பு இது. நான் எட்டு மாதங்களுக்கு முன் சேர்ந்தேன். சென்ற ஆண்டின் இறுதியில் 22 பிள்ளைகள் 13 ஆகக் குறைந்தார்கள். வராமல் போன ஒன்பது பிள்ளைகளின் பெற்றோரிடமும் நான் தொலைபேசியில் பேசினேன். அவர்களில் ஆறு பேர் சொன்ன காரணம் ஒன்றே: அதே காலை நேரத்தில் துணைப்பாட வகுப்பு. அதைக் கேட்ட பிறகு நாங்கள் ஆறு பேரும் கூடிப் பேசி, வகுப்பை மாலை 4 மணிக்கு மாற்றினோம். பிள்ளைகள் தயங்காமல் தமிழில் பேசுவதைக் கேட்க இந்த அறையில் இருக்கும் நாம் எல்லோரும் விரும்புவோம் என்று நான் நம்புகிறேன். அதற்காக நாங்கள் உங்களிடம் கேட்பது புத்தகங்களுக்கான 1,800 வெள்ளி.”

இதில் ‘நாம்’ ஒரே ஒருமுறைதான் வருகிறது. அதுவும் ‘நான் நம்புகிறேன்’ என்ற சொற்களின் பாதுகாப்பில் வருகிறது. ஆகவே தேர்வாளர்கள் அதை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். கேட்கும் இடத்தில் ‘நாங்கள்’, ‘உங்களிடம்’ என்று இரு தரப்பும் தெளிவாக எதிரெதிரே நிற்கின்றன. கேட்பதை இப்படி நேராகக் கேட்பதே மரியாதை என்பது என் எண்ணம்.

“குழுவில் நான் புதியவர். நான் சேர்வதற்கு முன் நடந்ததை நாங்கள் என்று சொல்லலாமா?”

குழு செய்ததைச் சொல்லலாம். கண்ணால் கண்டதாகச் சொல்லக் கூடாது. “நாங்கள் மூன்று ஆண்டுகளாக இந்த வகுப்பை நடத்துகிறோம்” என்பதில் தவறு இல்லை, ஏனென்றால் அங்கே பேசுவது குழுவின் வாய். “முதல் நாள் இரண்டே பிள்ளைகள் வந்தபோது எங்களுக்கு மனம் உடைந்துவிட்டது” என்பதை, அன்று அங்கே இல்லாதவர் சொல்லக் கூடாது. அந்த மனம் உடைந்தவர்களில் ஒருவரைக் குறிப்பிட்டு, “தொடக்கத்தில் இருந்தவர்கள் என்னிடம் சொன்னது இது” என்று சொன்னால் அதே நிகழ்ச்சி இன்னும் வலுவாக விழும். மேலே காட்டிய உரையில் “நான் எட்டு மாதங்களுக்கு முன் சேர்ந்தேன்” என்ற சிறு குறிப்பு இதற்காகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டதால், முதலாம் ஆண்டைப் பற்றி ஒரு தேர்வாளர் கேட்டபோது, அவர் அருகில் இருந்த மூத்த உறுப்பினரைப் பார்த்ததில் யாருக்கும் வியப்பு ஏற்படவில்லை.

“தவறு நடந்ததைச் சொல்லும்போது யார் பெயரில் சொல்வது?”

தவறு உங்களுடையது என்றால் ‘நான்’. குழுவில் வேறொருவருடையது என்றால் ‘நாங்கள்’. இந்த இரண்டு வரிகளை மாற்றிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது: தம் தவறைச் சொல்லும்போது “நாங்கள் கொஞ்சம் தாமதித்துவிட்டோம்” என்று ஆறு பேருக்குப் பங்கிட்டுவிட்டு, மற்றவர் தவறைச் சொல்லும்போது “அந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை” என்று விலகிக்கொள்கிறார்கள். அருகில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினரின் முகம் அந்தக் கணத்தில் மாறுவதை முன்வரிசையில் இருப்பவர்கள் காண்பார்கள். குழுவின் பெயரில் பேச ஒப்புக்கொண்டபோது, குழுவின் தவறுகளுக்கும் சேர்த்தே நீங்கள் வாய் கொடுத்திருக்கிறீர்கள்.

பாராட்டுக்கு இதற்கு நேர்மாறான வழி உண்டு. ஒருவர் தனியாகச் செய்த நல்ல வேலையை ‘நாங்கள்’ என்று கரைத்துவிடாமல், அவர் பெயரைச் சொல்லி, அவர் செய்தது என்ன என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

‘நாம்’ என்ற சொல் தவறுகளைப் பேசும் இடத்தில் மிகவும் ஆபத்தானது. “பிள்ளைகளிடம் தமிழில் பேச நாம் தவறிவிட்டோம்” என்று பெற்றோர் நிறைந்த கூட்டத்தில் சொன்னால், பேசுபவர் தம்மையும் சேர்த்துக்கொண்டதாக நினைப்பார். கேட்பவர்களோ தங்கள்மீது குற்றம் சாட்டப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் நாள்தோறும் தமிழில் பேசும் பெற்றோரும் அந்த அறையில் இருப்பார்கள். “என் வீட்டில் நான் தவறினேன்” என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

“குழுவின் முடிவில் எனக்கே உடன்பாடு இல்லை. அப்போதும் நாங்கள் என்று சொல்ல வேண்டுமா?”

மேடையில் நிற்கும் வரை, ஆம். “குழு முடிவெடுத்திருக்கிறது” என்று படர்க்கையில் சொல்லித் தப்பிக்கப் பலர் முயல்கிறார்கள். தமிழில் அந்த மாற்றம் உடனே தெரிந்துவிடும்: அதுவரை ‘நாங்கள்’ என்று வந்துகொண்டிருந்த பேச்சில் திடீரென்று ‘குழு’ என்று வந்தால், பேசுபவர் ஓரடி தள்ளி நின்றுவிட்டார் என்பது எல்லோருக்கும் விளங்கும். உங்களால் ‘நாங்கள்’ என்று மனமறிந்து சொல்ல முடியாத அளவுக்குக் கருத்து வேறுபாடு இருந்தால், அந்தப் பகுதியை வேறோர் உறுப்பினர் பேசட்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் குழுவிலும் இதற்கு இடம் இருக்க வேண்டும்.

“கேள்வி நேரத்தில் என்ன செய்வது? தயாரித்த உரை அங்கே உதவாதே.”

கேள்வி நேரத்தில்தான் ‘நாங்கள்’ என்ற சொல்லுக்கு விலை ஏறுகிறது. தயாரித்த உரையில் ஆறு பேரும் படித்துப் பார்த்த ‘நாங்கள்’ இருக்கிறது. கேள்விக்கு உடனடியாகப் பதில் சொல்லும்போது வரும் ‘நாங்கள்’ உங்கள் ஒருவருடைய வாயிலிருந்து வருகிறது. ஆனால் அது ஆறு பேரையும் கட்டிப்போடுகிறது. “சரி, அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு வகுப்புகளாக நடத்துகிறோம்” என்று உற்சாகத்தில் ஒருவர் சொல்லிவிட்டு, குழுவுக்குத் திரும்பிச் சென்று சனிக்கிழமைகளை இரட்டிப்பாக்கியதற்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வாசிப்புக் குழுப் பேச்சாளரிடம் ஒரு தேர்வாளர், “மாலை வகுப்பிலும் வருகை குறைந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அவருடைய பதில் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது, ஏனென்றால் அதை நாங்கள் இருவரும் ஒத்திகை பார்த்திருந்தோம்: “இதை நாங்கள் இன்னும் குழுவில் பேசவில்லை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். குழுவின் பதிலை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்கு எழுதி அனுப்புகிறோம்.” முதல் வாக்கியம் குழுவின் நிலை, இரண்டாவது அவருடைய கருத்து, மூன்றாவது குழு கொடுக்கும் வாக்கு. அந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. கேள்விகளுக்கு ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்பலாம் என்று குழு முன்பே பேசி வைத்திருந்தது.

ஆகவே கூட்டத்துக்குச் செல்லுமுன் குழுவினரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்தெந்த விஷயங்களில் அவர்களைக் கேட்காமலே ‘நாங்கள்’ என்று வாக்குறுதி கொடுக்க உங்களுக்கு அனுமதி உண்டு? தேதி, தொகை, ஆள் எண்ணிக்கை ஆகிய மூன்றிலும் தெளிவு கிடைத்தால் பெரும்பாலான கேள்விகளைச் சமாளித்துவிடலாம்.

“எங்கள் ஸ்லைடுகள் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு மட்டும் தமிழில். அதனால் குழப்பம் வருமா?”

வரும், சிங்கப்பூரில் நான் காணும் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றுதான்; கேட்பவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய ஸ்லைடைப் பார்த்தபடி தமிழில் பேசும்போது, நாக்குக்கு எது முதலில் வருகிறதோ அது விழுந்துவிடுகிறது. இளையர்களில் சிலர் எல்லா இடத்திலும் ‘நாங்கள்’ என்றும், சிலர் எல்லா இடத்திலும் ‘நம்ம’ என்றும் சொல்வதை வகுப்பில் அடிக்கடி கேட்கிறேன். ஸ்லைடை மாற்ற வேண்டியதில்லை. அச்சிட்ட பிரதியில் அந்த ஆங்கிலச் சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் ‘நாம்’ அல்லது ‘நாங்கள்’ என்று பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மலாய் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. கேட்பவரை விலக்குவது ‘காமி’, உட்படுத்துவது ‘கித்தா’. 1966இல் எஸ். ராஜரத்தினம் வரைந்த தேசிய உறுதிமொழி ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் தொடங்குகிறது. மலாய் வடிவத்தில் அது ‘காமி’ ஆகவும், தமிழ் வடிவத்தில் “சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்” என்று உட்படுத்தும் சொல்லாகவும் அமைந்திருக்கிறது. நாட்டுப்பண்ணிலோ மலாயிலும் ‘கித்தா’தான். உறுதிமொழியைச் சொல்பவர்களாக நோக்கினால் ஒரு சொல் பொருந்தும், ஒருவரையொருவர் பார்த்துச் சொல்வதாக நோக்கினால் மற்றொன்று பொருந்தும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குபவர் யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்று முடிவெடுக்காமல் பேனாவை நகர்த்த முடியாது என்பதற்கு, பள்ளிக் காலம் முதல் நாம் சொல்லி வந்த வரியே சான்றாக இருக்கிறது.

“நாங்கள் நான்கு பேர் மாறி மாறிப் பேசுகிறோம். இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?”

ஒவ்வொருவரும் ‘நான்’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லின் ஆள் மாறுகிறார். முதலில் பேசியவர் “நான் கணக்கெடுத்தேன்” என்று சொல்லியிருக்க, மூன்றாவதாகப் பேசுபவர் “கணக்கெடுத்தபோது எனக்குத் தெரிந்தது” என்று சொன்னால், கணக்கெடுத்தவர் இருவரா என்ற ஐயம் எழும். மற்றவர் செய்ததைக் குறிப்பிடும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள். பேச்சைக் கையளிக்கும் இடத்திலும் “அடுத்து நாங்கள் செலவுகளைப் பார்ப்போம்” என்று சொல்லாமல், அடுத்து பேசுபவர் பெயரையும், அவர் குழுவில் செய்த வேலையையும் சொல்லுங்கள்.

குழுத்திட்டத்துக்குத் தனித்தனியாக மதிப்பெண் வழங்கப்படும் இடங்களில் இது இன்னும் முக்கியமாகிறது. நான்கு பேரும் ‘நாங்கள்’ என்றே பேசிவிட்டால், யார் எதைச் செய்தார் என்று கண்டுபிடிக்க ஆசிரியருக்கு வழியே இல்லை. அமைதியாக அதிகம் உழைத்த மாணவருக்கே அதில் இழப்பு.

“ஒருவராகப் பேசும்போதும் பணிவுக்காக நாங்கள் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே?”

இருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு குழு இருக்கும்போது அந்த வழக்கத்தைக் கைவிடுங்கள். பணிவுக்கான ‘நாங்கள்’ எது, ஆறு பேருக்கான ‘நாங்கள்’ எது என்று கேட்பவரால் பிரிக்க முடியாது.

“ஒத்திகையில் இதை எப்படிச் சோதிப்பது?”

குழுவில் ஒருவரை இந்த ஒரு வேலைக்காக மட்டும் அமர்த்துங்கள். அவர் உள்ளடக்கத்தையோ குரலையோ கவனிக்க வேண்டாம். ‘நாங்கள்’, ‘நாம்’, ‘-ஓம்’ என்று காதில் விழும்போதெல்லாம் “யார்?” என்று தமக்குள் கேட்டு, உடனே பதில் தெரியாத இடத்தில் கையை உயர்த்தட்டும். முதல் ஒத்திகையில் கை அடிக்கடி உயரும். உரையை அறியாத ஒருவர், எடுத்துக்காட்டாக உங்கள் வீட்டில் உள்ள ஒருவர், இந்த வேலையைச் செய்தால் பலன் கூடுதல், ஏனென்றால் குழுவில் இருப்பவருக்கு விடை முன்பே தெரியும். பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்பதும் உதவும். ஆனால் எழுதும்போது பார்க்கத் தவறியதைத் தம் காதால் கேட்கும்போதும் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சோதனையில் கண்ட ஒவ்வொன்றையும் திருத்தினால் பேச்சு வழக்கறிஞரின் கடிதம் போல் இறுகிவிடும். முடிவு, தொகை, தவறு, வேண்டுகோள் ஆகியவை வரும் வாக்கியங்களைத் திருத்துங்கள். இடையில் வரும் கதையிலும் வருணனையிலும் ஒரு ‘-ஓம்’ யாருடையது என்று தெரியாமல் போனால் யாருக்கும் கேடில்லை.

“கடைசியில் நன்றி சொல்லும்போது கூறிக்கொள்கிறேன் என்பதா, கூறிக்கொள்கிறோம் என்பதா?”

நேரம் ஒதுக்கிக் கேட்டதற்குக் குழுவின் சார்பில் “நன்றி கூறிக்கொள்கிறோம்” என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தனியாக உதவியவர் அங்கே இருந்தால், அவருக்கு மட்டும் “நன்றி கூறிக்கொள்கிறேன்”. அறையில் உள்ள எல்லோருக்கும் வேலை செய்தவர் ஒருவர் இருந்தால், எடுத்துக்காட்டாகக் காலையிலேயே வந்து நாற்காலிகளைப் போட்டுவைத்த மன்ற ஊழியர் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தால், அங்கே ‘நாம்’ பொருந்தும்: “இந்த அறையை நமக்காகத் தயார் செய்தவருக்கு நாம் எல்லோரும் நன்றி சொல்வோம்.” வாசிப்புக் குழுப் பேச்சாளர் அன்று அப்படித்தான் முடித்தார், மூன்று தேர்வாளர்களும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.